மூச்சை வெளியே விடக் கற்ற வருஷம்

துறைமுகத்தில் டக்கு என்று நாங்கள் சொல்லும் இழுவைப் படகில் நான் ஃபயர்மேனாக இருந்தேன். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வந்து கரையில் அணைக்கிற சின்னப் படகு அது. அதன் அடிவயிற்றில் பாய்லருக்கு முன்னால் நின்று கரி வாரிப் போடுவது என் வேலை. மீசை முளைத்த வயதில் அதற்குள் இறங்கியவன், நாற்பது தாண்டிய பிறகு ஒரு நாள் வேலை முடிந்து மேலே ஏறும்போது ஏணியின் நடுவில் நின்றுவிட்டேன். கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன. மூச்சுதான் வரவில்லை. கீழேயிருந்து ஒருவன் என் இடுப்பைத் தாங்கி மேலே தள்ளினான். தளத்தில் குப்புற விழுந்து கிடந்தபோது கடல் காற்று முகத்தில் அடித்தது. அவ்வளவு காற்றிலும் எனக்கென்று ஒரு வாய் கிடைக்கவில்லை.

இருமல் அதற்குப் பல வருஷம் முன்பே இருந்தது. காலையில் எழுந்ததும் சளி, கருப்பாக. எங்கள் வேலையில் யாருக்குத்தான் இல்லை என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவேன். ஏணியில் நின்ற பிறகு, இது காச நோய்தான் என்று ராயபுரத்தில் எங்கள் சந்து முழுக்க முடிவு கட்டிவிட்டது. குழாயடியில் என் மனைவியின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அது காச நோய் இல்லை என்றன. அந்த டாக்டர் நல்லவர்தான். நெஞ்சு தேய்ந்துவிட்டது, இனி இருக்கிற மூச்சைச் சிக்கனமாகச் செலவு செய்ய வேண்டும், நடக்காதே, மாடி ஏறாதே, படுத்திரு என்றார். அந்தக் காலத்தில் எந்த டாக்டரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

படுத்தேன். மாடியில் ஒற்றை அறை எங்களுடையது. ஏறக்குறைய இரண்டு வருஷம் அந்த அறையைவிட்டு நான் இறங்கியது கைவிரல் எண்ணிக்கையில் அடங்கும். யூனியன் வாசகசாலையிலிருந்து ஒரு தோழர் பத்திரிகையும் புத்தகமும் கொண்டுவந்து போடுவார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன், படுத்த படுக்கையில்தான் சரளமாக வாசிக்கவும் ஏதோ எழுதவும் பழகினேன்.

மனைவி வேலைக்குப் போனாள். துறைமுகக் கிடங்கில் கப்பலிலிருந்து இறங்கும் கோதுமையைச் சலித்துப் புடைத்து மூட்டை கட்டும் பெண்களில் அவளும் ஒருத்தி. சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. வாசலிலேயே நின்று முந்தானையை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவாள், எனக்குத் தூசி ஆகாது என்று. பிறகு என் முதுகைத் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். சொம்பைத் தலைக்கு மேலே தூக்கினால் எனக்கு மூச்சு போய்விடும். சட்டை மாட்டினால் போய்விடும். பேசினால்கூடப் போய்விடும். எங்கள் ஒரே மகளைத் திருவொற்றியூருக்குக் கடல் ஓரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் போய்ப் பார்க்கவில்லை. அவள்தான் கைக்குழந்தையோடு வந்து காட்டிவிட்டுப் போனாள். ஒரு பாட்டுக்கு வாயெடுத்தேன், முதல் அடியோடு நின்றது. குழந்தை என் திறந்த வாயைப் பார்த்து அழுதது.

என் தொடை என் கை அளவுக்கு இளைத்தது. மூச்சைச் சேமித்தால் மிச்சமாகும் என்று சொன்னார்கள். எனக்கோ மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போயிற்று. முதலில் படிக்கட்டு போனது, பிறகு நடை, கடைசியில் பாயிலிருந்து பானை வரை போவதே ஒரு பயணமானது.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் போகும் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டாக்டர் வந்தார். வெளிநாட்டில் நெஞ்சு ஆப்பரேஷன் செய்யும் ஆஸ்பத்திரியில் படித்தவர். அங்கே ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பார்களாம். அதையே என்னைப் போன்றவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கலாம், கூடவே நடக்கவும் வைக்கலாம் என்பது அவர் எண்ணம். மற்ற டாக்டர்கள் ஒப்பவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு நர்ஸை அவர் இதற்கென்று பழக்கியிருந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். அதட்டிப் பேச மாட்டார், ஆனால் சொன்னதைச் செய்யாமல் யாரையும் விட மாட்டார். அவரை நாங்கள் சிஸ்டர் என்றே கூப்பிட்டோம்.

முதல் நாள் டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்கும் மனைவிக்கும் காட்டினார். எனக்குக் காற்று உள்ளே போகவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் சொன்னது தலைகீழ். உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதில்லை. காற்றுப் பைகள் பழைய ரப்பர் மாதிரி தொய்ந்து போய்விட்டன. மூச்சை வேகமாக விட முயன்றால் குழாய்கள் வழியிலேயே ஒட்டிக்கொள்கின்றன. பழைய காற்று நெஞ்சில் தங்கித் தங்கி, புதுக் காற்றுக்கு இடமே இல்லை. அதனால்தான் நெஞ்சு பீப்பாய் மாதிரி உப்பிக் கிடக்கிறது. "நீ மூச்சு இழுக்கக் கத்துக்க வேணாம்பா. விடக் கத்துக்கணும்" என்றார். போன நெஞ்சை அது திருப்பிக் கொடுக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். பீடியை அன்றோடு விட்டால்தான் மேலே பேசுவேன் என்றார். விட்டேன்.

பிறகு சிஸ்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், நிற்க வேண்டும் என்று தோன்றும்வரை நடக்கச் சொன்னார். நீளமான வராந்தா, வரிசையாகத் தூண்கள். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "நடந்தா மூச்சு வாங்குதுன்னுதானே படுக்க வெச்சாங்கோ? இப்ப நீங்க நடன்றீங்கோ. எங்கியாச்சும் வுயுந்து பூட்டா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாள்.

சிஸ்டர் நிதானமாகச் சொன்னார். படுத்தே கிடந்ததில் கால் சதை கரைந்துவிட்டது. பலமில்லாத கால் அதே நடைக்கு அதிக மூச்சு கேட்கும். மூச்சு வாங்குகிறதே என்று பயந்து இன்னும் படுத்தால் கால் இன்னும் கரையும். மூச்சு வாங்குவதால் உயிர் போகாது, பயப்படுவதால்தான் மூச்சு இன்னும் தறிகெட்டுப் போகிறது. நெஞ்சை மாற்ற முடியாது, காலை மாற்றலாம்.

அன்று மூன்று தூண் நடந்தேன். சுவரில் சாய்ந்து நின்றபோது கண் இருட்டியது. சிஸ்டர் என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, முன்னால் குனிந்து முழங்கையைத் தொடையில் ஊன்றச் சொன்னார். தோள் தளர்ந்தது. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான கஞ்சியை ஊதி ஆற்றுவது போல மெதுவாக வெளியே விடச் சொன்னார். இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம். தம் பிடித்து ஊதக் கூடாது, தானாகப் போக விட வேண்டும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சிலிருந்து ஒரு கனம் இறங்கியது. நான் நிமிர்ந்தபோது மனைவி தன் உதட்டைக் குவித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அறியாமல் அவளும் கூடவே ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, மற்ற நாள் வீட்டில் அதே பயிற்சி. ரிக்‌ஷாவுக்கு யூனியன் தோழர்கள் ஏற்பாடு செய்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஐந்தாறு பேர் இருந்தோம், எல்லாரும் கரியிலும் தூசியிலும் புகையிலும் நெஞ்சைத் தொலைத்தவர்கள். முதலில் ஆவி பிடித்து, ஒரு பக்கமாகப் படுத்து, இருமாமல் வாயைத் திறந்து 'ஹா' என்று காற்றைத் தள்ளிச் சளியை வெளியே கொண்டுவருவோம். பிறகு மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வைத்து, நெஞ்சு ஏறாமல் வயிறு மட்டும் ஏறும்படி மூச்சு விடுவது. அதன் பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது, மணல் நிரப்பிய சின்னப் பைகளைக் கையால் தூக்கி இறக்குவது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது, நடை. பாரம் தூக்கும்போதும் படி ஏறும்போதும் மூச்சை வெளியே விட வேண்டும். நடக்கும்போது இரண்டு அடிக்கு இழுப்பு, நாலு அடிக்கு வெளியே. "பேச்சு வந்தா நடங்க. ஒரு வார்த்தைகூட வரலேன்னா நில்லுங்க" என்பார் சிஸ்டர்.

வீட்டில் மனைவிதான் எனக்கு சிஸ்டர். வயிற்று மூச்சு பழக, ஒரு படி கோதுமையைத் துணியில் முடிந்து என் வயிற்றின் மேல் வைப்பாள். முடிச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி சமைப்பாள். நெஞ்சால் மூச்சு விட்டால் அடுப்படியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். "இன்னாய்யா, மூட்ட தூங்குது?" என்பாள். விறகுப் புகை எனக்கு ஆகாது என்று சிஸ்டர் சொன்னதும், அடுப்பை மாடிப்படி முனைக்கு மாற்றிக்கொண்டாள். மழையில் அங்கே நனைந்துகொண்டுதான் சமைத்தாள்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. கால் வலிதான் மிச்சம். இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் நானே சொம்பைத் தூக்கிக் குளித்துவிட்டு வந்து நின்றேன். அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு நாள்தோறும் மாடியிலிருந்து இறங்கி ஏறினேன். ஊதிக்கொண்டே இரண்டு படி, நின்று ஒரு இழுப்பு, மறுபடி ஊதிக்கொண்டே இரண்டு படி. சந்தின் முனை, பிறகு கல்மண்டபம், பிறகு கடலோரம். என் கூடவே அவள் நடப்பாள். நான் பேசக் கூடாது என்பதால் அவளே இரண்டு பேருக்குமாகப் பேசுவாள். கிடங்கில் யார் யாரோடு சண்டை, எந்தக் கப்பல் கோதுமையில் புழு, மேஸ்திரி எப்படி நடப்பான் என்று நடந்தும் காட்டுவாள். சிரிப்பு வந்தால் எனக்கு மூச்சு தப்பும். அதற்காகவே சிரிக்க வைப்பாள். பிறகு அவளே முதுகில் கை வைத்து, "ஊது, ஊது" என்பாள்.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் மறுபடி எல்லாவற்றையும் அளந்தார். தண்ணீரில் கவிழ்த்த ஒரு டப்பாவுக்குள் குழாய் வழியாக ஊதச் சொன்னார்கள். என் மூச்சுக்கு அது எழும்பிய உயரம் முன்பிருந்ததைவிட ஒரு நூல்கூட அதிகம் இல்லை. என் முகம் விழுந்தது. பிறகு வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். முன்பு மூன்றாவது தூணில் நின்றவன், கடைசித் தூணைத் தொட்டுத் திரும்பி வந்து, மறுபடி போய் வந்தேன். நாடித் துடிப்பு முன்பு போல் தறிகெட்டு ஓடவில்லை, நின்றதும் மூச்சு சீக்கிரம் அடங்கியது. தொடையை நாடாவால் சுற்றிப் பார்த்தார், சதை கூடியிருந்தது. அதே நெஞ்சுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு பல மடங்கு நடக்கிறாய் என்றார் டாக்டர். விட்டுவிட்டால் எல்லாம் வந்த வழியே போய்விடும் என்று எச்சரிக்கவும் செய்தார்.

என்ன செய்ய ஆசை என்று முதல் நாளே சிஸ்டர் எங்களைக் கேட்டிருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனைவிதான், பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பதில் சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். திருவொற்றியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மகள் வீட்டுக்கு மணலில் நடக்க வேண்டும். மணலில் கால் புதையும், இரண்டு மடங்கு மூச்சு கேட்கும். நாலைந்து இடத்தில் நின்றேன். கவிழ்த்துப் போட்டிருந்த கட்டுமரத்தில் குனிந்து உட்கார்ந்து ஊதினேன். மகள் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அவள் புருஷன் வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றான். அன்று நெத்திலிக் குழம்பு. பேரன் என் மடியில் உட்கார்ந்து என் குவிந்த உதட்டை விரலால் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். திரும்பும்போது, இரண்டு பேருக்குமாகப் பேசுகிறவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

எட்டு மாதம் இருக்கும், எங்களுக்கு அப்படி ஒரு நல்ல காலம். பிறகு அந்த ஃப்ளூக் காய்ச்சல் வந்தது.

கப்பலில்தான் வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். முதலில் துறைமுகத்தில் ஆட்கள் விழுந்தார்கள், ஒரு வாரத்தில் சந்துக்குச் சந்து பாய் விரித்துக் கிடந்தார்கள். ஆஸ்பத்திரியில் எங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். சிஸ்டர் ஒரு வார்டு பாய் மூலம் சொல்லி அனுப்பினார்: ஆஸ்பத்திரிப் பக்கமே வராதே, கூட்டத்தில் போகாதே, உன் நெஞ்சு இந்தக் காய்ச்சலைத் தாங்காது, வீட்டிலேயே பயிற்சியைச் செய். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, மகளை வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். குழாய்த் தண்ணீரைக்கூட என்னை எடுக்கவிடவில்லை. ஆனால் கிடங்குக்கு மட்டும் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். கோதுமை இறங்கிக்கொண்டிருந்தது, ஆட்களோ குறைந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் முந்தானையை உதறாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. நான் எழுந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "கிட்ட வராத. உன் பாய எட்துகினு மொட்ட மாடிக்குப் போ" என்றாள். போகவில்லை. சத்தம் போட்டாள். சத்தம் போட்டதில் இருமல் வந்தது. அவளை இரும வைக்கக் கூடாது என்று போனேன்.

மொட்டை மாடிக்கும் அறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். அதைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். பக்கத்து அறைக்காரம்மா வாசல் வழியே போய் அவளுக்குக் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்தார். அவருக்கு அதே காய்ச்சல் முன்பே வந்து போயிருந்தது. நான் கதவோரம் உட்கார்ந்து பேசுவேன். இப்போது நான்தான் இரண்டு பேருக்குமாகப் பேசினேன். முதல் இரண்டு நாள் உள்ளேயிருந்து ம் கொட்டினாள். "பயிற்சி செஞ்சியா?" என்று அந்தக் காய்ச்சலிலும் கேட்டாள். செய்தேன் என்றேன். உண்மையாகவே செய்தேன், அவள் காது கேட்க மாடியில் நடந்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதுபோல் இருந்து மறுபடி ஏறியது. அதற்கு மறுநாள் காலை, கதவுக்கு இந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது. வருஷக்கணக்கில் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தவன் நான். இது என் மூச்சு போல இல்லை. என்னுடையது வெளியே போக வழியில்லாமல் இழுத்துக்கொண்டு கிடப்பது. அவளுடையது குட்டை குட்டையாக, நாய்க்குட்டி மூச்சு போல, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தது. கதவில் வாயை வைத்து, "ஊதும்மே. ஒதட்டக் குவிச்சி மெதுவா ஊது. நான் எண்ணுறேன்" என்றேன். எண்ணினேன். அவள் முயன்றாள். உஸ் என்று ஒரு சத்தம் வந்து பாதியில் அறுந்தது.

"உனுக்கு வர்ற மாரி எனுக்கு வர்லய்யா" என்றாள்.

அது வராது. பிறகு டாக்டர் சொன்னார், அவளுக்கு நிமோனியா. காற்றுப் பைகளில் நீர் கோத்திருந்தது. என் நோயில் காற்று தங்கிப்போவதால் ஊதி விடுவது உதவுகிறது, அவள் நோய் வேறு. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அவளுக்கு உதவாத வித்தை. அன்று அது எனக்குத் தெரியாது. தெரியாமலே எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்று இரண்டு என்று.

கதவை உடைத்தேன் என்று பக்கத்து அறைக்காரம்மா பிறகு சொல்வார். உடைக்கவில்லை. பழைய தாழ்ப்பாள், தோளால் தள்ளியதும் விட்டுவிட்டது. அவளைத் தூக்கி நிமிர்த்தி, முன்னால் குனிய வைத்து, என் தோளில் சாய்த்துக்கொண்டேன். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைத் தள்ளப் பார்த்தாள். தள்ளக் கையில் பலமில்லை.

ரிக்‌ஷாவில் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்காரம்மா உட்கார்ந்தார். எனக்கு இடமில்லை. பின்னால் நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. வராந்தாவில் தூணுக்குத் தூண் பாய் போட்டிருந்தார்கள். அவளை இடப்பக்கம் நாலாவது தூணோரம் கிடத்தினார்கள். சிஸ்டர் வந்து அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெனிசிலின் போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் என் தோளைப் பிடித்து, இவ்வளவு இருமலுக்கு நடுவில் நீ நிற்கக் கூடாது, வெளியே போ என்றார். நான் அசையவில்லை. சிஸ்டர், "அவங்க உங்களைத்தான் பாத்துக்கிட்டே இருக்காங்க. நீங்க நின்னா அவங்க மாஸ்க்கைக் கழட்டி உங்களைப் போகச் சொல்லப் பாக்குறாங்க. போங்க அண்ணே. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார். வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் போல சிஸ்டர் நடந்து வருவதைப் பார்த்தேன். வழக்கமாக வேகமாக நடப்பவர், மெதுவாக வந்தார். அவர் வாய் திறக்குமுன்பே எழுந்துவிட்டேன்.

மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கு எடுத்துப் போனோம். காய்ச்சல் காலம், தூக்க நாலு பேர் சேர்ப்பதே பாடாக இருந்தது. மருமகன் வந்திருந்தான். மகளைக் கைக்குழந்தையோடு வர வேண்டாம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன், அவள் அம்மா சொன்னதையே. ராயபுரத்திலிருந்து அவ்வளவு தூரம் என்னால் முடியாது, ரிக்‌ஷாவில் வா என்றார்கள். நடக்கிறேன் என்றேன்.

மேளக்காரன் ஒருவன் வந்திருந்தான். அவன் அடித்த அடிக்குக் கால் தானாக ஓடியது, மூச்சு அதோடு சேர்ந்து வரவில்லை. கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். சந்தில் ஒருத்தர், பொண்டாட்டிக்கு மேளம்கூட வேண்டாம் என்கிறானே என்றது காதில் விழுந்தது. இரண்டு அடிக்கு இழுப்பு, நாலு அடிக்கு வெளியே. பாடை முன்னால் போனது. தூக்கியவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து நடையைக் குறைத்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மூச்சு தப்பும், தப்பினால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் அவள் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள். அதனால் அழவில்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு போனேன். அவளை அனுப்பப் போகும் வழியில் சீட்டி அடிப்பவன் போல நான் ஊதிக்கொண்டு நடந்ததைப் பார்த்து என்னவெல்லாம் நினைத்தார்களோ. குழியருகில் போய்ச் சேர்ந்தேன். மூன்று கைப்பிடி மண் போட்டேன். ஒவ்வொரு கைப்பிடிக்கும் குனியும்போது மூச்சை வெளியே விட்டேன்.

ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. செத்துவிடுவேன் என்று நிம்மதியாகப் படுத்தேன். சாகவில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. சிலரை லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது என்றார். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகும் நான் எழவில்லை. பயிற்சி இல்லை, நடை இல்லை. கோதுமை முடிச்சு அடுப்படியில் கிடந்தது, எறும்பு மொய்த்தது. டாக்டர் சொன்னபடியே எல்லாம் வந்த வழியே போயிற்று. மறுபடி சட்டை மாட்டினால் மூச்சு வாங்கியது.

இரண்டு மாதம் கழித்து சிஸ்டர் வீடு தேடி வந்தார். மாடிப்படியில் காலடிச் சத்தம் பாதியில் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. அவருக்கும் காய்ச்சல் வந்து மோசமாகிப் பிழைத்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். பயிற்சி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "கடைசியில எதுனா சொன்னாளா சிஸ்டர்?"

 "இல்லண்ணே" என்றார். "பேச மூச்சு இல்ல. ஏதாவது சொன்னாங்கன்னு உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வரல. என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. அவ்வளவுதான்."

அதைக் கேட்டதும் அழுதேன். அத்தனை வருஷத்து இருமலும் சேர்ந்து வருவது போல வந்தது. மூச்சு முழுதாகத் தப்பியது. கண் இருட்டிச் சரிந்தவனை சிஸ்டர் பிடித்து முன்னால் குனிய வைத்தார். ஊது என்று சொல்லவில்லை. முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகை தீராமலே உதடு தானாகக் குவிந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. அந்த வீட்டில் மாதக்கணக்கில் இரண்டு பேராகப் பழகியதை உடம்பு மட்டும் மறக்காமல் வைத்திருந்தது.

அடுத்த வாரம் போனேன். மறுபடி மூன்று தூண். நாலாவதைத் தாண்ட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அது காலால் ஆன தாமதம் இல்லை என்று சிஸ்டருக்குத் தெரியும், அவர் அவசரப்படுத்தவில்லை. பழைய அளவுக்கு நான் வரவே இல்லை, ஆனால் குளிக்கவும் சமைக்கவும் மாடி இறங்கவும் முடிந்தது. எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் அந்தக் காய்ச்சலில் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நடந்தோம். யூனியன் வாசகசாலையைத் திறந்து மூடும் வேலையைத் தோழர்கள் எனக்குக் கொடுத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை.

மாதம் ஒரு தடவை திருவொற்றியூர் போகிறேன். மணலில் நிற்கும் இடங்கள் கூடிவிட்டன. பேரன் வளர்ந்து என் முன்னால் ஓடுகிறான். நான் பின்தங்கினால் திரும்பி வந்து கூடவே நின்று, எதற்கு என்று தெரியாமலே, அவனும் உதட்டைக் குவித்து ஊதுகிறான். அவன் பாட்டி சொன்னது போல ஊது என்று சொல்ல யாரும் இல்லை. நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மூச்சு அடங்கியதும் அடுத்த அடி வைக்கிறேன்.